சேர்க்கைக் கடிதம்: ஆங்கிலப் பட்டியலா, தமிழில் ஒரு பக்கமா?

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி ஒன்றில் ஆள் சேர்க்கும் வேலை எனக்கு. புதிதாகச் சேர்பவர்களுக்கு அனுப்ப இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று தலைமை அலுவலகத்து ஆங்கிலக் கடிதம்: மூன்று வரி வாழ்த்து, வந்துசேரும் விவரம், பின்னால் ஆவணப் பட்டியல். மற்றது நாங்களே தமிழில் எழுதிய ஒரு பக்கம். தையல் பிரிவுக்கு இப்போது இரண்டாவதுதான் போகிறது.

தமிழ் எளிதில் புரியும் என்பதைச் சொல்லவே வேண்டாம். கம்பெனி பஸ் எங்கே நிற்கும், கேட்டில் யாரைக் கேட்பது என்பதெல்லாம் இரண்டிலும் உண்டு. என்னை முடிவெடுக்க வைத்தது இன்ஷியல்.

பட்டியல் ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய பிஎஃப் எண் (அந்த 12 இலக்க யுஏஎன்) கேட்கும். வருபவரும் எல்லாம் கொண்டுவருவார். ஆனால் கல்யாணத்துக்கு முன் ஆம்பூரில் வேலை பார்த்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் கணக்கில் அப்பா இன்ஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இன்ஷியல், பாஸ்புக்கில் இன்ஷியலே இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் யுஏஎன்னோடு ஆதார் இணையாது. இணையாதவருக்கு மாதாமாதம் பணம் கட்டுவதே சிக்கல். பிறகு திருத்த, தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கூட்டு விண்ணப்பம் தரவேண்டும், சான்றுகளோடு.

அதனால் எங்கள் கடிதம் இப்படிப் போகிறது:

"வணக்கம்மா. திங்கட்கிழமை உங்களை எதிர்பார்க்கிறோம். வருவதற்கு முன் ஆதார், பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் பயப்படவேண்டாம், வேலை போகாது. அப்படியே கொண்டுவாருங்கள், சேர்ந்து சரிசெய்வோம். முன்பு எங்காவது பிஎஃப் பிடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய வருடங்களும் சேர்ந்து பத்து வருடம் ஆனால்தான் பென்ஷன் உரிமை வரும்."

கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் பலன் அதிகம். பழைய கம்பெனியைச் சொன்னால் வம்பு வரும் என்று நினைத்து முன்பு பிஎஃப் இருந்ததா என்று கேட்கும் 11-ஆம் எண் படிவத்தில் 'இல்லை' என்று போடுபவர்கள் நிறைய. காரணம் தெரிந்தால் பழைய சீட்டைத் தேடி எடுத்து வருகிறார்கள். இஎஸ்ஐக்கும் இதே வழிதான்: சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பிடித்தம் 0.75 சதவீதம், பழைய இஎஸ்ஐ எண் இருந்தால் அதுவே தொடரும் என்று ஒரு வரி.

ஆங்கிலப் பட்டியலில் எதுவும் விட்டுப்போகாது என்பது உண்மை. டிசைன், கணக்குப் பிரிவு ஆட்களுக்கு அதுவே போதுமாக இருக்கலாம். அங்கே நான் சேர்த்தவர்கள் குறைவு. உருது மட்டும் படிக்கிறவர்களுக்கு எங்கள் கடிதமும் உதவாது, அவர்களுக்கு நேரில் சொல்கிறோம். பட்டியலைத் தூக்கிப் போடவில்லை. ஃபைலின் முதல் பக்கமாக வைத்து, காகிதங்கள் வந்ததும் நாங்கள் டிக் அடிக்கிறோம்.