கம்பளி, அக்ரிலிக், பருத்தி: வெந்நீரில் போட்டால் எது என்ன ஆகும்

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்வெட்டர் எதுவானாலும் 'உல்லன்'தான். கடையில் விற்கிற பின்னல் நூலுக்கும் அதே பேர். அந்தப் பேரை நம்பித்தான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவின் ஸ்வெட்டரை நாசமாக்கினேன்.

என் பள்ளிக்கூட நீல ஸ்வெட்டரை வாராவாரம் வாஷிங் மெஷினில் வெந்நீர் ஊற்றித்தான் துவைப்பேன், ஒன்றும் ஆனதில்லை. பூண்டுத் தோட்டத்துச் சேறு அப்பியிருந்த அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரையும் ஒருநாள் அதோடு போட்டுவிட்டேன். கை பொறுக்காத சூடு, சோப்புத்தூள் தாராளமாக, 40 நிமிஷம். எடுத்துப் பார்த்தால் 40 அங்குல மார்பளவு 30 ஆகியிருந்தது. துணி தடித்து விறைத்து, பின்னல் கண்ணே தெரியாமல் அட்டை மாதிரி நின்றது. அதே தண்ணீரில் கிடந்த என் ஸ்வெட்டர் போட்டது போட்டபடி இருந்தது.

பெரிய அத்தை மன்னவனூரில் இருக்கிறார். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள், அதனால் கம்பளி அவருக்குப் பழகின சமாச்சாரம். ஸ்வெட்டரைப் பார்த்தவர் திட்டவில்லை, என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார்.

"இதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நீளவாக்குல வெச்சுத் தேய்டா."

விரலை முன்னும் பின்னும் தேய்த்தால் முடியும் முன்னும் பின்னும்தானே போகணும்? போகவில்லை. வேர் இருந்த பக்கமாகவே ஊர்ந்தது, திருப்பிப் பிடித்தாலும் அப்படித்தான். முடியின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள் இருக்கின்றன, அவற்றின் விளிம்பு நுனியைப் பார்த்திருப்பதால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் தடுக்கும். கம்பளியும் மயிர்தான், அதில் செதில் இன்னும் எடுப்பு. சோப்புத் தண்ணீரின் சூட்டில் இழை ஊறி, செதில் தூக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் குலுக்கினால் ஒவ்வொரு இழையும் தன் வேர்ப்பக்கமாக நகர்ந்து பக்கத்து இழையில் மாட்டிக்கொள்ளும், திரும்பி வராது. ஆக, சூடு மட்டும் குற்றவாளி இல்லை, மெஷினின் குலுக்கல்தான் பெரிய குற்றவாளி.

என் ஸ்வெட்டர் அக்ரிலிக். ஆலையில் இழுத்த பிளாஸ்டிக் இழை, செதிலே கிடையாது, மாட்டிக்கொள்ள வழியில்லை. அதற்குச் சனி வேறு இடத்தில்: சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் தொய்ந்து பளபளத்து உயிரில்லாமல் போகும். எது எது என்று சந்தேகம் வந்தால் உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவி, தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கச் சொன்னார் அத்தை. கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கி, தீயை விலக்கினால் தானே அணைந்து, நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கறுப்பு மணியாக இறுகும். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். கலப்பு நூலில் மட்டும் இந்தச் சோதனை குழப்பும்.

பருத்தி ஸ்வெட்டரும் சுருங்கத்தான் செய்யும், ஆனால் அது வேறு கதை. நூற்கும்போதும் பின்னும்போதும் இழுத்துவைத்த இறுக்கம் முதல் சலவையில் தளர்கிறது, அவ்வளவுதான். ஈரத்தோடு இழுத்துவிட்டுக் காயவைத்தால் பெரும்பாலும் மீளும். கம்பளியும் லேசாகச் சுருங்கிக் கண் இன்னும் தெரிகிறதென்றால் மிதமான தண்ணீரில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் கலந்து அரைமணி ஊறவைத்து, மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அப்பாவுடையதை அப்படி இழுத்தோம். அசையவில்லை.

எங்கள் மலை மஞ்சுக்கும் குளிருக்கும் எது நல்லது என்று கேட்டால், எனக்குக் கம்பளிதான். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகக் குடித்தாலும் மேலுக்கு நனைந்ததாகவே தெரியாது. பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டி நடுக்கும், காய ஒரு நாள் போதாது. அக்ரிலிக் சீக்கிரம் காயும், வியர்வையைத்தான் வாங்காது. பள்ளிக்கூடப் பையனுக்கு அது போதும், அடுப்படியில் நிற்பவர்களுக்கு வேண்டாம்.

கம்பளியைத் துவைக்கிற விதம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது: பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அமுக்கியெடுத்து, துண்டில் சுருட்டி முறுக்காமல் அமுக்கி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பி உலர்த்த வேண்டும்.

அத்தை கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். கண் தெரியாத அளவு இறுகிய கம்பளியை வெட்டினால் பிரியாதாம், ஓரம் மடித்துத் தைக்கக்கூட வேண்டாம். முதுகுப் பக்கத்தில் அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்கு இரண்டு ஜோடி உள்பாதம் வந்தது. இரண்டு கைகளையும் பிரித்துச் சேர்த்துத் தைத்தது என் தலைக்குக் குல்லாவானது. அது கொஞ்சம் இறுக்கம், எப்படியும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்றார் அப்பா.