விறைப்புக் குறைபாடு: அரசு மருத்துவமனையா, தனியார் கிளினிக்கா?

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு ஆறு மாதமாக ஆணுறுப்பின் விறைப்பு சரியாக நீடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அரசு மருத்துவமனையில் அவர் பொது மருத்துவம் அல்லது யூராலஜி பிரிவுக்குச் சீட்டு வாங்கலாம். வரிசை நீளும், மருத்துவர் தரும் நேரம் குறைவு, பக்கத்திலேயே அடுத்த நோயாளி நிற்கலாம். கூச்சமாக இருந்தால் பிரச்சினையை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் காலையில் டெஸ்டோஸ்டிரோன் என்று அடிப்படைப் பரிசோதனைகள் குறைந்த செலவில் முடியும். இவைதான் முக்கியம், ஏனென்றால் விறைப்புக் குறைவு சர்க்கரை நோய்க்கோ இதயக் குழாய் அடைப்புக்கோ முதல் அறிகுறியாக இருக்கலாம்.

தனியாரில் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசலாம். மனப்பதற்றமோ தம்பதிக்குள் சிக்கலோ காரணம் என்றால் அந்த நேரம் பெரிய உதவி. ஆனால் ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல், பெயரில்லாத பொடியை மூன்று மாத 'பேக்கேஜ்' என்று நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் விறைப்புக்குத் தரும் சில்டெனாபில் மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எங்கே போனாலும் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.