ஆஃபர் லெட்டரில் 'கன்சல்டன்ட்' என்று இருந்தால்: மீடியா வேலைக்குச் சேரும் முன் ஓர் எச்சரிக்கை

சென்னையில் ஒரு டிஜிட்டல் செய்தி நிறுவனம். சப் எடிட்டர் வேலை, மாதம் 35,000 ரூபாய் என்று பேசி ஓர் இளைஞரை எடுத்தார்கள். முதல் மாதச் சம்பளம் 7ஆம் தேதி வந்தது. அடுத்த மாதம் 12ஆம் தேதி, அதற்கடுத்து 20ஆம் தேதி, பிறகு பாதிப் பாதியாக. பத்தாவது மாத முடிவில் "கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது" என்று ஒரு மெயில். இரண்டரை மாதப் பாக்கி 87,500 ரூபாய். தொழிலாளர் துறைக்குப் போனபோது நிறுவனம் சொன்ன பதில் ஒரே வரிதான்: "அவர் எங்கள் ஊழியரே இல்லை."

காகிதப்படி அது பொய்யும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டது பணி நியமன ஆணையில் அல்ல, 11 மாத ஆலோசகர் ஒப்பந்தத்தில். அதில் சம்பளம் என்ற சொல்லே கிடையாது, 'தொழில்முறைக் கட்டணம்' என்றிருக்கிறது. இரு தரப்பும் முதலாளி தொழிலாளி உறவில் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. நிறுவனம் 15 நாள் நோட்டீஸில் விலக்கலாம், அவர் விலக வேண்டுமானால் 60 நாள். ஆனால் தினமும் காலை 6 மணி ஷிஃப்ட், விரல்ரேகை வருகைப்பதிவு, லீவுக்கு எடிட்டரிடம் அனுமதி, நிறுவனத்தின் அடையாள அட்டை. வேலை ஊழியருடையது, காகிதம் மட்டும் ஆலோசகருடையது.

இதில் பலரும் தடுக்கி விழுவது கைக்கு வரும் தொகையைப் பார்த்துத்தான். ஆலோசகருக்கு 35,000-இல் 10 சதவீதம் டி.டி.எஸ். போக 31,500 வரும். பக்கத்து நிறுவனம் 30,000 ரூபாய் சி.டி.சி., பி.எஃப். உண்டு என்கிறது என்று வையுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் உங்கள் பங்கு 1,800, நிறுவனப் பங்கு 1,800. சி.டி.சி. என்பது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்பதால் இரண்டு பங்கும் அந்த 30,000-இலிருந்தே போகும், கைக்கு 26,400 வரும். ஐயாயிரம் குறைவு என்று தோன்றும். ஆனால் இரண்டாவதில் மாதம் 3,600 உங்கள் பெயரில் சேர்கிறது, வேலையை விட்டு நீக்கினால் சட்டம் பேச வழி இருக்கிறது, பணிச் சான்று கேட்டு வாங்க உரிமை இருக்கிறது. முதலாவதில் பிடித்த டி.டி.எஸ். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரக்கூடியதுதான், ஆனால் அதை நிறுவனம் அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். சம்பளத்தை இழுத்தடிக்கும் இடங்கள் பிடித்த வரியையும் கட்டாமல் வைத்திருப்பது சகஜம். வருமானவரித் தளத்தில் உங்கள் வரிக்கணக்கு அறிக்கையைக் காலாண்டுக்கு ஒரு தடவை பாருங்கள். பிடித்த தொகை அங்கே ஏறாமலே இருந்தால் நிறுவனத்தில் பணம் வற்றியிருக்கலாம். வேறு வேலை தேட அதுவே சரியான நேரம்.

சேருவதற்கு முன்பே இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பத்திரிகைக்காரர்களே அதிகம் பயன்படுத்துவதில்லை. பி.எஃப்.-ஐ நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் தளத்தில் Establishment Search என்ற பக்கம் இருக்கிறது, லாகின் தேவையில்லை. சேனலின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் எதுவும் வராது. ஆஃபர் லெட்டரின் அடியில் இருக்கும் 'பிரைவேட் லிமிடெட்' பெயரைத் தட்ட வேண்டும். அந்தப் பெயரை நேர்காணலிலேயே ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள், சொல்லத் தயங்கினால் அங்கேயே யோசிக்க வேண்டும். நிறுவனம் வந்ததும் பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால் மாதவாரியாக எந்தத் தேதியில், எவ்வளவு, எத்தனை ஊழியருக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வரும்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்து பி.எஃப். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போக வேண்டும். மூன்று மாதத்தை ஒரே நாளில் சேர்த்துக் கட்டியிருந்தால், அந்த மூன்று மாதமும் சம்பளம் நேரத்துக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து ஊழியர் எண்ணிக்கை. 64 பேர் இருந்த இடத்தில் அடுத்த மாதமே 41 என்றால் ஆட்குறைப்பு நடந்திருக்கிறது. "எங்களிடம் லே ஆஃபே கிடையாது, சிலர் தாங்களாக ராஜினாமா செய்தார்கள்" என்று ஹெச்.ஆர். சொல்வார். ஒரே மாதத்தில் 23 பேர் தாங்களாக ராஜினாமா செய்வதில்லை. ராஜினாமா எழுதி வாங்கிவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீடு தர வேண்டாம் என்பதால்தான் அப்படி எழுத வைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆலோசகர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆக, நேர்காணலுக்குப் போனபோது எண்பது பேர் உட்கார்ந்திருந்த அலுவலகம் பன்னிரண்டு பேருக்குத்தான் பி.எஃப். கட்டுகிறது என்றால், மீதிப்பேர் எந்தக் காகிதத்தில் இருக்கிறார்கள் என்று புரியும். இன்னொன்று, பெரிய பத்திரிகைக் குழுமங்கள் இணையதளத்தைத் தனிக் கம்பெனியாக வைத்திருப்பது உண்டு. தாய் நிறுவனத்தின் பெயரை நம்பிச் சேர்ந்தால், சம்பளம் தருவது இரண்டு வயதுக் குட்டி நிறுவனமாக இருக்கலாம்.

அப்படித் தனியாக வைப்பதற்குக் காரணம் இருந்தது. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களுக்கானது. மூன்றாண்டுப் பணிக்கே பணிக்கொடை, நீக்குவதற்கு முன் மூன்று மாத நோட்டீஸ், ஆசிரியர் என்றால் ஆறு மாதம் என்று அதில் பாதுகாப்பு இருந்தது. பத்திரிகை ஊழியர் சம்பளத்துக்கான மஜீதியா ஊதியக்குழுவின் பரிந்துரை ஒப்பந்த ஊழியருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூன் 19 அன்று சொன்னது. டிவியும் இணையமும் இதற்கு வெளியே நின்றன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் மின்னணு, டிஜிட்டல் ஊடகப் பத்திரிகையாளரும் வருகிறார்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், வேலையை விட்டால் பாக்கி இரண்டு வேலை நாளில் என்று விதி. ஆனால் இவையெல்லாம் ஊழியருக்கு. ஆலோசகர் என்ற ஓட்டை அப்படியே இருக்கிறது, இனி அதை இன்னும் அதிகம் பயன்படுத்துவார்கள் என்றே நினைக்கிறோம்.

வேறு வழியில்லாமல் ஆலோசகராகத்தான் சேர வேண்டும் என்றால், இரண்டு வேலை செய்துவிட்டுச் சேருங்கள். ஒன்று, முதல் நாளிலிருந்தே ஷிஃப்ட் பட்டியல், லீவு மெயில், எடிட்டரின் வாட்ஸ்அப் உத்தரவுகள், அடையாள அட்டையின் படம் எல்லாவற்றையும் சொந்த மெயிலில் சேமியுங்கள். வேலை நேரத்தையும் முறையையும் அவர்களே கட்டுப்படுத்தினார்கள் என்று காட்ட இவைதான் சாட்சி. நீக்கும் நாளில் அலுவலக மெயிலைப் பூட்டிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். இரண்டு, ஒப்பந்தத்துக்கு முன்பே சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். நீங்கள் வெறும் சேவை வழங்குபவர் என்று அவர்கள் சொன்னால், சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்டு மாநில வசதிக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். வேலையை முடித்துவிட்டுப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு இது உதவாது.

சம்பளம் குறைவானாலும் அனுபவம் கிடைக்கும் என்று சொல்லும் இடங்களில், எந்த அனுபவம் என்று கேளுங்கள். ஏஜென்சி செய்தியை ஒரு ஷிஃப்டுக்கு இருபது தடவை தலைப்பு மாற்றிப் போடுவது அடுத்த நேர்காணலில் ஒன்றுக்கும் உதவாது. நீதிமன்றம், மின்வாரியம், மாநகராட்சி என்று ஒரு பீட் தருவார்களா, பைலைன் உண்டா, வெளியே போக வண்டிச் செலவு தருவார்களா என்பதுதான் கேள்வி. அந்தத் தளத்தில் போன வாரம் வந்த பத்துச் செய்திகளைத் திறந்து எத்தனையில் நிருபர் பெயர் இருக்கிறது என்று எண்ணினாலே பதில் தெரியும். பைலைன் கிடைத்தால் வெளியான அன்றே பக்கத்தைப் பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். தளத்தை மூடினால் சுட்டிகளும் செத்துவிடும், சான்றிதழ் கேட்கவும் ஆள் இருக்காது.