நாலு பொசிஷனா, ரெண்டு பொசிஷனா?

பிரிக்ஃபீல்ட்ஸ்ல தே தாரிக் குடிக்கிறப்ப ஒரு அண்ணன் ஃபோன காட்டி, "தம்பி, நாலு எடத்துல பிரிச்சு போட்டிருக்கேன், சேஃப்தானே"னாரு. யென்னுக்கு எதிரா ஆஸ்திரேலிய டாலர் ஏறும்னு AUD/JPY லாங், செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ் லாங், டாலருக்கு எதிரா ரிங்கிட் லாங், ஒரு பேங்க் ஷேர். ஒவ்வொன்லயும் ரிஸ்க் 1,000 வெள்ளி.

பேருதான் நாலு, ஆனா உலகம் நல்லா ஓடும்ங்கிற ஒரே பெட்டுதான் அது, 2020 மார்ச்ல எல்லாரும் டாலருக்கு ஓடுனப்ப இந்த மாதிரி நாலும் ஒண்ணாதான் விழுந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு சேர்ந்து ஆடுதுங்கிற கோரிலேஷன் 0-னா நாலும் சேர்ந்த ரிஸ்க் 2,000 வெள்ளி, ஜோடிக்கு ஜோடி 0.8 ஆயிட்டா கிட்டத்தட்ட 3,690.

இன்னொரு புக், ரெண்டே பொசிஷன், தலைக்கு 2,000 வெள்ளி: மலேசிய ஷேர் இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸான FKLI லாங், அமெரிக்க கவர்மென்ட் பாண்ட் ஃபியூச்சர்ஸ் லாங். போட்ட மொத்தம் அதே 4,000தான், கோரிலேஷன் 0 பக்கம் நின்னா ரிஸ்க் சுமார் 2,830, எண்ணிக்கை பாதியா இருந்தும் அந்த 3,690-ஐ விட கம்மி. நான் இதத்தான் எடுப்பேன். ஆனா இதுவும் கவசம் இல்ல, அதே மார்ச் நடுவுல காசு தேவைப்பட்டவங்க பாண்டையும் தங்கத்தையும்கூட வித்தாங்க, ஷேரோட சேர்ந்தே எறங்குன நாள் இருந்துச்சு.

அண்ணன் பாத்தது ஒரு வருஷ கோரிலேஷன் சராசரி, 0.3ன்னு அழகா காட்டுச்சு. மார்க்கெட் ரொம்ப அடிவாங்குன இருபது நாள மட்டும் பிரிச்சு, அன்னிக்கு எத்தனை பொசிஷன் சேர்ந்து சிவப்புல இருந்துச்சுன்னு எண்ணிப் பாருங்கண்ணேன்னேன், தே தாரிக் ஆறிடுச்சு.