கோயிலா, கோவிலா: பல வருஷமாக இரண்டு அகராதிகளோடு

திருவிழா அழைப்பிதழுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "கோயிலா, கோவிலா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. உங்ககிட்டதான் ரெண்டு அகராதி இருக்கே" என்றார். ரெண்டு இருப்பதுதான் சிக்கலே. ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். இன்னொன்று மாணவர்களுக்கென்று போட்ட கையடக்க அகராதி. அதன் பெயர் வேண்டாம், நான் திட்டப்போவது அதைத்தான்.

கையடக்க அகராதியில் 'கோயில்' என்று பார்த்தால் 'காண்க: கோவில்' என்று இருக்கிறது. லெக்சிகனில் நேர் எதிர். பொருள் விளக்கமெல்லாம் 'கோயில்' என்ற தலைச்சொல்லின் கீழே இருக்கிறது. 'கோவில்' என்று தேடிப் போனால் கோயிலைப் பார் என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதைப் படித்ததும் ஏதோ ஒன்று தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

கையடக்க அகராதி கேட்டுக்கொண்ட கேள்வி, இலக்கணப்படி இந்தச் சொல் எப்படி அமைய வேண்டும் என்பது. கோ என்பதோடு இல் சேர்கிறது. இ, ஈ, ஐ ஆகியவற்றுக்குப் பின் உயிர் வந்தால் யகரம், மற்ற உயிர்களுக்குப் பின் வகரம், ஏகாரத்துக்குப் பின் இரண்டும் வரும் என்பது நன்னூல் விதி. ஓகாரம் 'மற்ற உயிர்' கணக்கில் வருவதால் உடம்படுமெய் வகரம்தான். ஆக, கோவில். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி படித்த எவருக்கும் இது சரியாகவே படும்.

லெக்சிகன் கேட்டது வேறு: இந்தச் சொல்லை எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள்? 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939-இல் அனுபந்தமும் சேர்ந்த அந்த அகராதி, பெரும்பாலும் பழைய நூல்களின் மேற்கோள்களை வைத்து நிற்கிறது. நூல்களில் யகரத்தின் பக்கம் கனமாக இருக்கிறது. சிலப்பதிகார வழக்குரை காதையில் 'கோயில் மன்னனைக் குறுகினள்' என்று வருகிறது. அங்கே கோயில் என்றால் அரண்மனை. திருமந்திரத்தில் 'உள்ளம் பெருங்கோயில்'. பட்டினத்தார் பெயரில் இருப்பது கோயில் நான்மணிமாலை, உமாபதி சிவாசாரியார் பாடியது கோயிற்புராணம், ஸ்ரீரங்கத்து வரலாறு கோயிலொழுகு. விதி ஒரு பக்கம் போக, வழக்கு இன்னொரு பக்கம் போயிருக்கிறது. எதை முதலில் வைப்பது என்பது தொகுப்பாசிரியரின் கொள்கை. அந்தக் கொள்கையை முன்னுரையில் சொல்லவேண்டும். என் கையடக்க அகராதியில் முன்னுரை இரண்டு பக்கம். அதில் பாதி நன்றி நவிலல்.

சரி, முன்னுரை கைவிட்டால் பதிவையே வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், பொருள் விளக்கம் எந்த வடிவத்தின் கீழே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விளக்கம் இருக்கிற இடம்தான் முதன்மை வடிவம். வெறும் 'காண்க' என்று இருப்பது, 'இதுவும் வழங்குகிறது, ஆனால் நாங்கள் அங்கே விளக்கியிருக்கிறோம்' என்பதோடு சரி. அது பிழை என்று தீர்ப்பு ஆகாது. பிழை அல்லது சிதைவு என்று அகராதி நினைத்தால் அதற்குத் தனிக் குறிப்புப் போடும். லெக்சிகனில் சிதைவு, பேச்சு வழக்கு, வட்டார வழக்கு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சுருக்கம் உண்டு. அந்தச் சுருக்கம் எதுவும் இல்லாமல் வெறுமே 'பார்' என்று மட்டும் இருந்தால், இரண்டாம் வடிவமும் மதிப்புள்ளதுதான். இன்னொன்று, 'பார்' என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அந்த எண்ணுள்ள பொருளில் மட்டும்தான் இரண்டும் ஒன்று. எண்ணைக் கவனிக்காமல் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய.

அப்புறம் அகர வரிசை. நண்பரைப் போன்றவர்கள் வழுக்குவது இங்கேதான். சில அகராதிகள் இரண்டு வடிவத்தையும் ஒரே வரியில் 'கோயில், கோவில்' என்று அடுத்தடுத்துப் போடும். முதலில் இருப்பதால் கோயில்தான் சிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது. யகரம் வகரத்துக்கு முன்னால் வரும், அவ்வளவுதான். அதே வரி 'கோவில், கோயில்' என்று இருந்தால், வரிசையை உடைத்து ஒன்றை முன்னே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு விருப்பம் தெரிகிறது. 'காண்க' எந்தத் திசையில் அனுப்புகிறது என்பதற்கும் இதே கணக்கு. கோவிலிலிருந்து கோயிலுக்கு அனுப்புவது பின்னோக்கிய பயணம், முதலில் வந்ததையே விளக்கிவிட்ட சோம்பலாகக்கூட இருக்கலாம். பவழம், பவளம் போன்ற ஜோடியில் ழகரம் முன்னால் வரும்; அங்கே பவழத்திலிருந்து பவளத்துக்கு முன்னோக்கி அனுப்பினால், அது யோசித்து வைத்த தேர்வு.

அதற்கும் மேல் உறுதி வேண்டுமென்றால் கூட்டுச்சொற்களைப் பாருங்கள். லெக்சிகனில் கோயிலார், கோயிலொழுகு என்று அக்கம்பக்கத்துத் தலைச்சொற்களும் யகரத்தோடு நிற்கின்றன. இணையத்தில் ஒரு சொல்லை மட்டும் தட்டித் தேடினால் இந்த அக்கம்பக்கம் கண்ணில் படாது. அச்சுப் பக்கத்தைப் புரட்டுவதில் எனக்குக் கிடைக்கிற பெரிய சுகமே இதுதான்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். தலைச்சொல் கோவில் என்று அடித்துச் சொல்லும் அந்தக் கையடக்க அகராதியில் 'கொடிமரம்' பாருங்கள்: 'கோயிலில் கொடியேற்ற நடப்பட்ட கம்பம்'. 'குருக்கள்': 'சிவன் கோயிலில் பூசை செய்பவர்'. 'தேர்' பதிவிலும் கோயில்தான். விளக்கம் எழுதியவரின் கை இயல்பாகப் போன இடம் யகரம். தலைச்சொல்லை அடுக்கியவர் நன்னூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசவில்லை போலிருக்கிறது. ஓர் அகராதி உண்மையில் எதை விரும்புகிறது என்று தெரிய, அது மற்ற சொற்களை விளக்கும்போது எதை எழுதுகிறது என்று பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த வழியில் பார்த்தால் இந்த அகராதி தன் தலைச்சொல்லுக்கே எதிர்க்கட்சி. ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் திறக்கும்போதும் கடுப்பாகிறது.

அதற்காக அநியாயமாகவும் பேசக் கூடாது. கருப்பு, கறுப்பு விஷயத்தில் அது கச்சிதம். கருப்பு என்பதற்குப் பஞ்சம் என்ற பழைய பொருளைத் தனி எண்ணிட்டுப் பிரித்து, நிறத்தைக் கறுப்பின் கீழ் வைத்திருக்கிறது. 'கருப்பு என்று அகராதியிலேயே இருக்கிறதே' என்று வாதாடுபவரிடம் காட்ட அந்த ஒரு பக்கம் போதும். அவர் பார்த்தது பஞ்சத்தை.

நண்பருக்குக் கோயில் என்றே சொன்னேன். ஊர்ப்பெயர் வருகிற இடத்தில் மட்டும் நாகர்கோவில், சங்கரன்கோவில் என்று வழக்கத்தில் உள்ளபடியே விடச் சொன்னேன். சிறப்புப் பெயருக்கு அகராதி பொறுப்பில்லை. "அப்ப எந்த அகராதி வாங்கட்டும்?" என்றார். லெக்சிகன்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரிடம் கையடக்க அகராதியை வாங்குங்கள் என்றேன். ஆறு தொகுதியை அவர் திறக்கமாட்டார். நானே அவர் கேட்டதும் முதலில் எடுத்தது அந்தச் சின்னதைத்தான்.