வேரில் பிசுக்கு, நுனியில் வறட்சி: குளியலைக் குறைப்பதா, கழுவும் இடத்தை மாற்றுவதா?

இந்தத் தலையைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்வார்கள். "அடிக்கடி ஷாம்பூ போட்டதால்தான் நுனி காய்ந்தது, அதை ஈடுகட்ட வேர் எண்ணெய் கக்குகிறது, வாரம் ஒருமுறை குளி" என்பது ஒன்று. வேரும் நுனியும் தனித்தனிக் கதை, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கவனி என்பது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம்.

காரணம் முடியின் வயதில் இருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். 36 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்கு ஏறக்குறைய 3 வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பவரின் நுனி அதற்குள் 500 முறைக்கு மேல் ஷாம்பூவைப் பார்த்திருக்கும். சீப்பும் வெயிலும் தனி. அதன் மேல் செதில்கள் தேய்ந்துபோயிருக்கும். வேரில் சுரக்கும் எண்ணெய் அவ்வளவு தூரம் இறங்கி வருவதும் இல்லை, சுருட்டை முடியில் இன்னும் குறைவு. அந்தச் சுரப்பை நடத்துவது பெரும்பாலும் ஹார்மோன். நுனி காய்ந்தது சுரப்பிக்குத் தெரியாது.

என் தங்கை முதல் வழியில்தான் இருந்தாள். மூன்றாம் நாளே அரிப்பு, ஏழாம் நாள் வரை பொறுமை. ஷாம்பூ போட்ட மறுநாள் ஒரு டிஷ்யூ தாளை அவள் உச்சியில் பத்து விநாடி அழுத்தினேன். கறை விழுந்தது. வியர்வையாக இருந்தால் சில நிமிடத்தில் உலர்ந்து மறையும். இது கண்ணாடி போல ஒளி ஊடுருவ அப்படியே நின்றது. அதே தாளை நுனியில் அழுத்தினால் ஒன்றுமில்லை. (கண்டிஷனரை வேர்வரை பூசுகிறவர்கள் ஒருமுறை அதில்லாமல் குளித்துவிட்டுப் பார்க்க வேண்டும், அதன் படிவும் பிசுக்காகத் தெரியும்.)

பிறகு வழியை மாற்றினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஷாம்பூ, தலைத்தோலில் மட்டும், விரல் நுனியால். நீளத்தைத் தேய்க்கவில்லை, அலசும்போது வழிகிற நுரையே அதற்குப் போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும், இரண்டு நிமிடம். அரிப்பு அடங்கியது, நுனியில் சிக்கு குறைந்தது. இரண்டாம் நாள் பிசுக்கு மட்டும் அப்படியேதான் வருகிறது. சுரப்பை இந்த வழி குறைக்காது, கழுவி எடுக்கும், அவ்வளவுதான். பிளந்த நுனியும் ஒட்டாது. அதை வெட்டத்தான் வேண்டும்.

முதல் வழி யாருக்குமே பொருந்தாதா? பொருந்தும். மூன்றாம் நாளும் உச்சியில் தாள் கறை படாமல் வந்தால், அந்தத் தலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஷாம்பூ தேவையில்லை.

இரண்டுமே தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. பிசுக்கோடு மஞ்சள் நிறச் செதில், சிவப்பு, விடாத அரிப்பு சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற தோல் அழற்சி. செதிலைப் பார்த்து வறட்சி என்று எண்ணி எண்ணெய் தேய்ப்பவர்கள் நிறைய. தலைத்தோலில் வாழும் மலசீசியா பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி, அதனால் தொல்லை கூடும். அதற்குப் பூஞ்சையை ஒடுக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். சில வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.