ஜீரோ பட்டனா, சென்சார் ட்ரிம்மா, அவுட்புட் ட்ரிம்மா?

பிரஷரே இல்லாத நேரத்தில் 4.00 மில்லி ஆம்ப் வர வேண்டிய டிரான்ஸ்மிட்டர் 4.13 காட்டுகிறது. அதை 4.00-க்குக் கொண்டுவர மூன்று வழி இருக்கிறது: மூடிக்கு அடியில் இருக்கும் ஜீரோ பட்டனை அழுத்தலாம், கம்யூனிகேட்டரை மாட்டி சென்சார் ட்ரிம் செய்யலாம், இல்லையென்றால் அவுட்புட் ட்ரிம்மில் கரண்டையே திருத்தலாம். எதைச் செய்தாலும் மீட்டரில் 4.00 வந்துவிடும், அதனால்தான் கைக்கு எது எட்டுகிறதோ அதைச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

0 முதல் 10 பார் வரை ரேஞ்ச் வைத்த ஒரு கேஜ் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்வோம். லூப்பை மேனுவலில் போட்டு, ட்ரிப் ஏதாவது இதிலிருந்து போகிறது என்றால் அனுமதி வாங்கி பைபாஸ் செய்து, வால்வை மூடி வென்ட்டைத் திறந்தாயிற்று. கம்யூனிகேட்டரில் தெரியும் அளவீடான PV 0.08 பார், மீட்டரில் 4.13. கை பம்பில் 10 பார் கொடுத்தால் PV 10.08. அதாவது ஸ்பான் சரி, கோடு முழுவதும் ஒரே அளவு மேலே ஏறியிருக்கிறது.

இப்போது பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? பெரும்பாலான ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டர்களில் அந்தப் பட்டன் சென்சாரைத் திருத்துவதே இல்லை, ரேஞ்சைத்தான் நகர்த்துகிறது (சில மாடலில் பட்டனையே ட்ரிம்முக்கு மாற்றி வைக்கலாம், மேனுவலைப் பாருங்கள்). ரேஞ்சின் கீழ்முனையான LRV 0.08, மேல்முனையான URV 10.08 என்று மாறும், கரண்ட் 4.00 ஆகும், டிசிஎஸ்ஸிலும் பூஜ்யம் வரும். ஆனால் சென்சார் இன்னும் 0.08 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. லோக்கல் டிஸ்ப்ளே பாரில் காட்டுமாறு வைத்திருந்தால் அங்கே 0.08, கன்ட்ரோல் ரூமில் 0. அப்புறம் யாராவது டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, LRV தப்பாக இருக்கிறதே என்று 0-வாக மாற்றிவிடுவார், பழைய பிழை அப்படியே திரும்பி வரும்.

சென்சார் ட்ரிம்தான் இந்த நோய்க்கான மருந்து. ஜீரோ ட்ரிம் கொடுத்ததும் PV 0 ஆகிறது, ரேஞ்ச் 0–10 ஆகவே இருக்கிறது, டிஸ்ப்ளேயும் டிசிஎஸ்ஸும் ஒத்துப்போகின்றன. ட்ரிம்மை ஏற்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வென்ட் அடைத்திருக்கலாம், லைனில் திரவம் நிற்கலாம், டயாஃப்ரம் கெட்டிருக்கலாம். மேல்முனை ட்ரிம் மட்டும் வேறு விஷயம், கையில் டிரான்ஸ்மிட்டரைவிடத் துல்லியமான ரெஃபரன்ஸ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. 0.5 சதவீத டயல் கேஜை வைத்துக்கொண்டு 0.075 சதவீத டிரான்ஸ்மிட்டரைத் 'திருத்தினால்' நல்லதைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அவுட்புட் ட்ரிம் பிரஷரைப் பற்றியதே இல்லை. கம்யூனிகேட்டர் கரண்டை 4-ல் நிறுத்திவிட்டு, மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்கும். டிரான்ஸ்மிட்டர் 4.00 அனுப்புவதாகச் சொல்லியும் மீட்டரில் 4.03 வந்தால் மட்டுமே அதற்கு வேலை. 0.08 பார் பிழையை மறைக்க, மீட்டர் 4.00 காட்டும்போதே 4.13 என்று அடித்துக் கொடுத்தால் டிசிஎஸ் சரியாகிவிடும்தான். ஆனால் அடுத்த முறை லூப் டெஸ்ட்டில் 4.00 கொடுத்தால் வயரில் போவது 3.87. கார்டு கெட்டுவிட்டது, கேபிளில் கோளாறு என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவார்கள். மூன்றில் மோசமானது இதுதான்.

அப்படியானால் ரேஞ்சை நகர்த்துவது எப்போதுமே தப்பா? இல்லை. நீராவி ஹெடரில் டிரான்ஸ்மிட்டர் டேப்பிங்கிலிருந்து 3 மீட்டர் கீழே இருக்கிறது, இம்பல்ஸ் லைன் முழுக்கத் தண்ணீர் என்று வையுங்கள். அந்தத் தண்ணீர்ப் பத்தி மட்டுமே 0.29 பார் கொடுக்கும், ஹெடரில் பிரஷரே இல்லாவிட்டாலும் 4.47 மில்லி ஆம்ப் வரும். இங்கே சென்சார் பொய் சொல்லவில்லை, அந்த 0.29 உண்மையாகவே அதன் மேல் இருக்கிறது. அதனால் கம்யூனிகேட்டரில் LRV 0.29, URV 10.29 என்று அடித்துவிடுவதுதான் முறை. கணக்குப் போட்டு அடிப்பதால் ஹெடரை நிறுத்த வேண்டியதுமில்லை. இதை ட்ரிம்மில் தள்ளினால், பின்னால் கழற்றி பெஞ்சில் வைக்கும்போது அது −0.29 காட்டும், நல்ல டிரான்ஸ்மிட்டரைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். பட்டனில் செய்வதாக இருந்தால் லைனில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியான லைனில் ஜீரோ எடுத்தால், கண்டன்சேட் நிரம்பியதும் 0.29 கூடுதலாகக் காட்ட ஆரம்பிக்கும்.

அப்சல்யூட் டிரான்ஸ்மிட்டர் என்றால் வென்ட்டைத் திறந்து வைத்துப் பட்டனைத் தொடாதீர்கள். வளிமண்டல அழுத்தமான 1.013 பார் LRV ஆகிவிடும், வெற்றிடம் எதுவும் அதற்கப்புறம் 4-க்கு மேல் தெரியாது.